சரிவு நிலத்தில் சம உயரக் கோடு: ஏ சட்டமா, லெவல் டியூபா, ஆட்டோ லெவலா?

கொல்லிமலையில் நண்பர் ஒருவர் அன்னாசி நடத் தயாராகிறார். நிலம் குறுக்கே 60 மீட்டர், மேலிருந்து கீழே 80 மீட்டர், ஏறத்தாழ 1 ஏக்கர் 20 சென்ட். மேல் பாதி 12 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் போனால் 12 மீட்டர் இறங்கும். கீழ்ப் பாதி 20 சதவீதம். வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் ஓட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது வேறு: "மூணு கம்பைக் கட்டி ஏ சட்டம் செஞ்சா போதும்கிறாங்க. கொத்தனார் லெவல் டியூப் போதும்கிறார். சர்வேயரைக் கூட்டிட்டு வந்து ஆட்டோ லெவல்ல எடுத்தாதான் சரியா வரும்னு மச்சான் சொல்றான். எதைச் செய்யறது?"

இதே குழப்பத்தோடு வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "எது துல்லியம்?" என்றுதான். அந்தக் கேள்வியில் இருந்து தொடங்கினால் விடை ஆட்டோ லெவல் என்றுதான் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எவ்வளவு துல்லியம் தேவை, எந்த மாதிரிப் பிழை நிலத்தைக் கெடுக்கும் என்று முதலில் பார்த்தால் தேர்வு மாறும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

கோட்டின் வேலை என்ன? நடவு வரிசைக்கு மட்டும் என்றால், 60 மீட்டரில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறி இறங்கினாலும் குடி முழுகாது. அதே கோட்டில் நீரைத் தேக்கும் அகழியோ வரப்போ போடப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. தேங்கும் நீர் தானாகவே தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே உடைக்கும்.

சரிவு எவ்வளவு? உயரத்தில் 10 சென்டிமீட்டர் பிழை வந்ததாக வைத்துக்கொள்வோம். 20 சதவீதச் சரிவில் கோடு அரை மீட்டர் தள்ளிப் போகும். 12 சதவீதத்தில் 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2 சதவீதச் சரிவில் முழுதாக 5 மீட்டர். நிலம் தட்டையாக ஆக ஆகக் கருவி நுணுக்கமாக இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். செங்குத்தான நிலத்துக்குப் பெரிய கருவியும் லேசான சரிவுக்குக் கம்பும் போதும் என்று.

பிழை கலையுமா, சேருமா? கருவியை ஒருமுறை எடுத்து வைப்பதை ஒரு அடி என்போம். ஒரு அடியில் 5 மில்லிமீட்டர் மேலே, அடுத்த அடியில் 5 மில்லிமீட்டர் கீழே என்று போனால் கடைசியில் பெரும்பாலும் கலைந்துவிடும். ஒவ்வொரு அடியிலும் 5 மில்லிமீட்டர் கீழேயே போனால் முப்பது அடியில் 15 சென்டிமீட்டர். அளக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப் போவது இதைப் பற்றித்தான்.

ஆளும் தரையும். எத்தனை பேர் இருக்கிறார்கள், நிலத்தில் புதர் உண்டா, உழுதாகிவிட்டதா, காற்று எப்படி என்பதும் கணக்கில் வரும்.

அன்னாசிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஒருமுறை நட்டால் மறுதாம்பையும் சேர்த்து மூன்று நான்கு வருடம் அதே வரிசைதான். சாமை விதைத்தது போல அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ள முடியாது.

## ஏ சட்டம்

இரண்டு மீட்டர் நீளத்தில் நேரான இரண்டு கம்பு. உச்சியில் இரண்டையும் போல்ட் போட்டு இணைத்து, கால்களை இரண்டு மீட்டர் அகட்டி, பாதி உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டும். உச்சியில் இருந்து நூலைத் தொங்கவிட்டு நுனியில் தூக்குக்குண்டு. தூக்குக்குண்டு இல்லையென்றால் மணல் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில். குண்டு குறுக்குச் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்க வேண்டும், நூல் சட்டத்தில் உரசக் கூடாது.

குறி வைப்பதற்கு மேசை போலச் சமமான தரை தேவையில்லை. கொஞ்சம் மேடு பள்ளமான இடத்தில் சட்டத்தை நிறுத்தி, இரண்டு கால் ஊன்றிய இடத்திலும் முளைக்குச்சியைத் தரை மட்டத்துக்கு அடியுங்கள். நூல் குறுக்குச் சட்டத்தில் விழும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். சட்டத்தைத் திருப்பிக் கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிக்கும் சரி நடுவில் வருவதுதான் மட்டம். கம்பு ஒன்று அரை அங்குலம் நீளமாக இருந்தாலும், குறுக்குச் சட்டம் கோணலாக அடித்திருந்தாலும், இந்த நடுக்குறி அதையெல்லாம் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் கவராயம் போல நடத்த வேண்டியதுதான். முதல் முளையில் ஒரு கால், மற்றக் காலை நூல் நடுக்குறிக்கு வரும்வரை மேலும் கீழும் நகர்த்து, அங்கே ஊன்று. ஊன்றிய காலை அச்சாக வைத்துப் பின்காலை முன்னே சுழற்று. இரண்டு முறை சுழற்றினால் ஒரு முளை. இந்தக் கருவி உலகெங்கும் மலை விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்ததில் பிலிப்பைன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே மிண்டனாவோ தீவில் ஹரோல்டு வாட்சனும் அவரோடு இருந்தவர்களும் 1970களில் உருவாக்கிய சரிவுநில வேளாண் முறையில், விவசாயி முதலில் செய்ய வேண்டிய வேலையே ஏ சட்டம் கட்டுவதுதான்.

சரி, இதில் பிழை எவ்வளவு வரும்? நான் சொன்ன அளவில் உச்சியில் இருந்து குறுக்குச் சட்டம் வரை நூலின் நீளம் சுமார் 87 சென்டிமீட்டர். கால்களுக்கு நடுவே 2 மீட்டர். ஆக, குறியில் 1 மில்லிமீட்டர் தவறினால் தரையில் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தவறும். கண்ணால் பார்ப்பதில் வரும் தவறு ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி என்றுதான் இருக்கும். முப்பது அடி நடந்தாலும் அது இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. நடவு வரிசைக்கு அது தாராளம்.

தொல்லை தருவது ஒரே பக்கம் சேரும் பிழை. ஏ சட்டத்தில் அது இரண்டு வழியாக வரும்.

முதலாவது, குறி நகர்வது. போன வருடம் என் நிலத்தில் ஒரு கோடு போட்டபோது பாதி வேலையில் குறுக்குச் சட்டத்தின் போல்ட் தளர்ந்து, சட்டம் 4 மில்லிமீட்டர் விலகியது. நாங்கள் கவனிக்கவில்லை. அதோடு சட்டத்தைச் சுழற்றாமல், அதே காலை எப்போதும் முன்னால் வைத்துத் தூக்கித் தூக்கி நகர்த்தினோம். நூல் சட்டத்தின் ஒரு முகத்தில்தான் தொங்குகிறது. சுழற்றினால் அது ஒரு அடியில் மேட்டுப் பக்கமும் அடுத்த அடியில் பள்ளப் பக்கமும் வரும், பார்க்கிறவர் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அந்தச் சோம்பல்தான். அடிக்கு 9 மில்லிமீட்டர் என்று முப்பது அடியில் கோடு சுமார் 28 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

இதில் வேடிக்கை, நாங்கள் சரிபார்க்கவும் செய்தோம். கடைசி முளையில் இருந்து அதே சட்டத்தோடு பின்னோக்கி நடந்தோம். சரியாக முதல் முளைக்கே வந்து சேர்ந்தது, நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். சட்டத்தைத் திருப்பாமல் பின்னால் நடந்ததால், போகும்போது இறங்கிய அளவு வரும்போது ஏறிவிட்டது. அந்தச் சோதனை எந்தக் காலத்திலும் தவறைக் காட்டாது. முதல் பெரிய மழையில் கிழக்கு மூலையில் மண் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் டியூப் வைத்து அளந்தோம்.

சுழற்றி நடத்தியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்கவே செய்யாது. முன்கால் ஒருமுறை இது, அடுத்தமுறை அது என்று மாறுவதால், ஒரு அடியில் 9 மில்லிமீட்டர் இறங்கினால் அடுத்த அடியில் 9 மில்லிமீட்டர் ஏறும். குறி தவறியிருந்தாலும் கோடு மட்டமாகவே போகும். ஏ சட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: சுழற்று, தூக்கி நகர்த்தாதே.

இரண்டாவது, கால் புதைவது. இதைச் சுழற்றலும் காப்பாற்றாது. உழுத பொலபொல மண்ணில் ஒரு காலை அச்சாக வைத்துத் திருகும்போது அது கொஞ்சம் புதையும். புதைந்த காலுக்குச் சமமாக அடுத்த காலை வைக்கிறோம், பிறகு அது புதைகிறது. ஒவ்வொரு அடியிலும் 5 மில்லிமீட்டர் புதைந்தால் முப்பது அடியில் 15 சென்டிமீட்டர். நீங்கள் எந்தத் திசையில் நடக்கிறீர்களோ அந்தத் திசையில் கோடு இறங்கிக்கொண்டே போகும். நல்லவேளை, இதைக் கண்டுபிடிப்பது எளிது. திரும்பி நடந்தால் வரும் வழியிலும் இறங்கும், முதல் முளைக்குக் கீழே 30 சென்டிமீட்டரில் வந்து நிற்பீர்கள். மருந்தும் எளிது. உழுவதற்கு முன் கோடு போடுங்கள். உழுதாகிவிட்டால் ஒவ்வொரு காலடியிலும் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

கல்லும் கட்டியும் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கால் கட்டிமேல் நின்றால் அந்த ஒரு முளை மட்டும் சில சென்டிமீட்டர் தவறும். காலை எடுக்காமல் அங்கேயே சுழற்றினால் அது அடுத்த அடிக்குப் போகாது. எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போகும்.

மறைந்திருக்கும் செலவு காற்றும் நேரமும்தான். மலையில் பதினொரு மணிக்கு மேல் காற்று எடுத்தால் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அப்போது நூலை விட்டுவிட்டு, குறுக்குச் சட்டத்தில் ரசமட்டத்தைக் கட்டலாம். அதற்கும் இடம் மாற்றிச் சோதிக்கும் வேலை உண்டு. நேரத்தைப் பொறுத்தவரை, பழகிய இரண்டு பேர் 60 மீட்டர் கோட்டை அரை மணி நேரத்தில் முடிப்பார்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மடங்கு ஆகும்.

எப்போது இதுவே நல்லது: சரிவு 5 சதவீதத்துக்கு மேல், கோடு நடவு வரிசைக்கு, நிலம் ஓரிரண்டு ஏக்கருக்குள், தரை உழாமல் இருக்கும்போது. ஒரே ஆளாகச் செய்ய முடிவதும் இதில் மட்டும்தான்.

## லெவல் டியூப்

கொத்தனார்கள் வைத்திருக்கும் அதே ஒளி ஊடுருவும் குழாய். 15 மீட்டரில் இருந்து 20 மீட்டர் இருந்தால் வசதி. இரண்டு நுனியையும் அளவு குறித்த இரண்டு மீட்டர் கம்புகளில் கட்டிவிட்டால், நீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

இதன் பலம், பிழை சேர வாய்ப்பே குறைவு என்பது. ஒரு கம்பை நிலையாக நிறுத்தி, மற்றதை 4 மீட்டரில், 8 மீட்டரில், 12 மீட்டரில் என்று வைத்துக்கொண்டே போகலாம். எல்லா முளையும் அதே ஒரு நிலைப்புள்ளியைத்தான் பார்க்கின்றன. 60 மீட்டருக்கு நிலைக்கம்பை நான்கைந்து இடத்தில் நிறுத்தினால் போதும். ஏ சட்டத்தில் அதே தூரத்துக்கு முப்பது அடி.

ஆனால் அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முன்கம்பு 4 சென்டிமீட்டர் தாழ்ந்த தரையில் நின்றால், முன்கம்பில் நீர் 2 சென்டிமீட்டர் ஏறும், பின்கம்பில் 2 சென்டிமீட்டர் இறங்கும். ஒரு கம்பை மட்டும் பார்த்து "ரெண்டு சென்டிமீட்டர்தானே" என்று நகர்த்தினால் பாதிதான் சரியாகும். இரண்டு பக்கமும் படித்துக் கழித்தால்தான் உண்மையான வேறுபாடு தெரியும். எனவே இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்கும் எண் படிக்கத் தெரிய வேண்டும், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்க வேண்டும்.

பெரிய எதிரி காற்றுக் குமிழி. குழாயின் ஏறும் பகுதியில் குமிழி அடைத்து நின்றால், அது அடைத்திருக்கும் உயரம் அப்படியே பிழையாகும். அது மில்லிமீட்டரில் இருக்காது, சென்டிமீட்டரில் இருக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் இரண்டு நுனியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று. நிற்கவில்லையென்றால் உள்ளே குமிழி இருக்கிறது. நகரும்போது நுனியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள மறந்தால் தாழ்ந்த பக்கம் தண்ணீர் கொட்டிவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். லாண்டானாப் புதர் உள்ள நிலத்தில் 15 மீட்டர் குழாயை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த அரை நாள் மறக்காது.

எப்போது இதுவே நல்லது: சரிவு 5 சதவீதத்துக்குக் கீழே, அல்லது கோட்டில் அகழி வெட்டப் போகிறீர்கள், நிலம் வெட்டவெளி, நம்பகமான இரண்டு ஆள் உண்டு. ஏ சட்டத்தின் வேலையைச் சோதிக்கவும் இதுதான் சரி.

## ஆட்டோ லெவல்

முக்காலியில் தொலைநோக்கி, தூரத்தில் அளவுக்கோல். கருவியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் அளவுக்கோலில் ஒரே எண் வரும் இடங்களைத் தேடி முளை அடித்துக்கொண்டே போகலாம். நல்ல ஆள் இருந்தால் ஏ சட்டத்தில் ஒரு நாள் ஆகும் வேலை அரை நாளில் முடியும், பிழையும் மில்லிமீட்டர் கணக்கில்.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் இதையே செய்வதில்லை? வாடகை ஒரு பக்கம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து போகும் செலவும், மழை வந்தால் இன்னொரு நாள் வர வேண்டிய செலவும் இன்னொரு பக்கம். தொழில் முறையிலும் இரண்டு விஷயம் உண்டு.

அளவுக்கோல் 4 மீட்டர் உயரம் என்றால், கருவியை ஒரு இடத்தில் நிறுத்தி 4 மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் உள்ள தரையை மட்டும்தான் பார்க்க முடியும். 20 சதவீதச் சரிவில் அது மேலிருந்து கீழே வெறும் 20 மீட்டர். நண்பர் நிலத்தில் மொத்த இறக்கம் 12.8 மீட்டர், எனவே கருவியைக் குறைந்தது நான்கு இடத்திலாவது நிறுத்த வேண்டும். "ஒரு தடவை வச்சா முழுசும் எடுத்துடலாம்" என்பது தட்டையான நிலத்துப் பேச்சு. அடுத்தது, பார்வை மறையக் கூடாது. மிளகுக்காக வளர்த்த சில்வர் ஓக் நடுவே இருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் கருவியை நகர்த்த வேண்டியிருக்கும்.

எப்போது இதுவே நல்லது: நாலைந்து ஏக்கருக்கு மேல், சரிவு 2 சதவீதம் போல லேசாக, நீரை ஒரு பக்கம் மெல்ல வடிக்கும் சாய்வு வரப்பு போட வேண்டும், அல்லது கீழே பண்ணைக்குட்டையின் வழிந்தோடி மட்டம் எடுக்க வேண்டும். அங்கே செலவு பார்க்காதீர்கள்.

## கண் மதிப்பும் கைபேசியும்

கண்ணை நம்பாதீர்கள். மலையில் தொடுவானம் தெரியாது. எதிர்ச்சரிவை வைத்துத்தான் கண் மட்டத்தை ஊகிக்கும், அது பெரும்பாலும் ஏமாற்றும். முளைகளை அடித்த பிறகு வளைவைச் சீராக்க மட்டும் கண்ணைப் பயன்படுத்துங்கள்.

கைபேசி காட்டும் ஜிபிஎஸ் உயரம் மீட்டர் கணக்கில் தவறும், இந்த வேலைக்கு ஆகாது. மட்டம் பார்க்கும் செயலியைக் குறுக்குச் சட்டத்தில் வைத்துத் தூக்குக்குண்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். சட்டத்தைச் சுழற்றி நடத்தினால் மோசமில்லை, வெயிலில் திரை தெரியாது என்பதைத் தவிர.

## ஒரு பார்வையில்

| | ஏ சட்டம் | லெவல் டியூப் | ஆட்டோ லெவல் |
|---|---|---|---|
| ஏற்ற சரிவு | 5 சதவீதத்துக்கு மேல் | எல்லாச் சரிவும், லேசான சரிவில் சிறப்பு | லேசான சரிவு, பெரிய பரப்பு |
| ஆள் | 1 அல்லது 2 | கட்டாயம் 2 | கருவி தெரிந்தவர், கோல் பிடிப்பவர் |
| பிழை சேரும் வழி | சுழற்றாமல் நகர்த்துவது, கால் புதைவது | குமிழி, ஒரு பக்கம் மட்டும் படிப்பது | பார்வைக்கோடு மட்டமா என்று சோதிக்காத கருவி |
| தடுக்கும் சூழல் | காற்று, உழுத மண் | புதர் | மரம், செங்குத்துச் சரிவு |
| மறைந்த செலவு | முதல் நாள் பழக்கம் | தண்ணீர் சுமப்பது, மீண்டும் நிரப்புவது | பயணம், மறுவருகை |

## நண்பர் நிலத்தில் என்ன செய்தோம்

சரிவு 12க்கும் 20க்கும் நடுவே, நடவு வரிசை மட்டும், நிலம் இன்னும் உழவில்லை. கோடு போட ஏ சட்டம் என்று முடிவு. ஆனால் ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு டியூப். இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று எதிராக வைத்துப் பேசுவதே தவறு என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

எல்லா வரிசைக்கும் சட்டம் பிடிக்கத் தேவையில்லை. சில தாய்க்கோடுகள் போட்டு, மற்ற வரிசைகளை அவற்றுக்கு இணையாக ஓட்டினால் போதும். ஒவ்வொரு 1.2 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு தாய்க்கோடு என்று வைத்தோம். நிலத்தின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே, டியூப் கட்டிய மேல் கம்பில் நீர் 30 சென்டிமீட்டரிலும் கீழ்க் கம்பில் 150 சென்டிமீட்டரிலும் நிற்கும் இடங்களைத் தேடி முளை அடித்தோம். மொத்தம் பதினொரு முளை. மேல் பாதியில் அவற்றுக்கு நடுவே 10 மீட்டர், கீழ்ப் பாதியில் 6 மீட்டர் வந்தது.

அந்த முளைகளில் இருந்து இரண்டு பக்கமும் ஏ சட்டத்தை நடத்தினோம். நடுவில் தொடங்கியதால் ஒரு பக்கத்துக்குப் பதினைந்து அடிதான், பிழை சேர்ந்தாலும் பாதியோடு நின்றுவிடும். பதினொரு கோடு, ஏறத்தாழ 660 மீட்டர், இரண்டு பேருக்கு ஒரு முழு நாள்.

வரிசைகளை நிரப்பும்போது ஒரு முறை உண்டு. அன்னாசிக்கு இரட்டை வரிசை, இரண்டு வரிசைக்கு நடுவே 60 சென்டிமீட்டர், ஜோடிக்கு ஜோடி 90. ஆக ஒரு ஜோடிக்கு 1.5 மீட்டர். 10 மீட்டர் இடைவெளியில் ஆறு ஜோடி, 6 மீட்டரில் நான்கு. மேல் தாய்க்கோட்டில் இருந்து கீழ்நோக்கிப் பாதியும், கீழ்த் தாய்க்கோட்டில் இருந்து மேல்நோக்கிப் பாதியுமாக ஓட்ட வேண்டும். சரிவு மாறும் இடத்தில் இடைவெளி அகலும், அங்கே நடுவில் துண்டு வரிசைகள் வரும். அவை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், அவற்றைத் தவிர்க்க முயலாதீர்கள். ஒரே தாய்க்கோட்டில் இருந்து எல்லா வரிசையையும் இணையாக இழுத்தால், கடைசி வரிசை சம உயரத்தை விட்டு எங்கேயோ போயிருக்கும்.

சிக்கல் வந்தது மேற்குப் பக்கம் இருந்த சிறு தாழ்வில். மழைநீர் வழக்கமாக இறங்கும் இடம் அது. அங்கே முளைகள் மேட்டை நோக்கி மூன்று மீட்டர் உள்வாங்கி வளைந்தன. "இதை நேராக்கிடலாமே, மருந்தடிக்க வசதி" என்றார் நண்பர். வளைவில் பாதியை, ஒன்றரை மீட்டரை மட்டும் நேராக்கினாலே, 12 சதவீதச் சரிவில் வரிசை அந்த இடத்தில் 18 சென்டிமீட்டர் தாழும். அறுபது மீட்டரில் சீராக 28 சென்டிமீட்டர் இறங்கும் கோட்டைவிட நடுவில் 18 சென்டிமீட்டர் தொய்யும் கோடு ஆபத்தானது. முதலாவதில் நீர் ஓரமாக வடியும். இரண்டாவதில் இரண்டு பக்கத்து நீரும் அந்தப் பள்ளத்தில் கூடி வரிசையை உடைத்து, கீழ் வரிசையையும் உடைத்து, ஒரே மழையில் ஓடை பறித்துவிடும். மேடு வெளியே தள்ளி நிற்கும் இடத்தில் கொஞ்சம் நேராக்கினால் தப்பில்லை, அங்கே வரிசை உயரத்தான் செய்யும், நீர் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். தாழ்வில் மட்டும் கை வைக்கக் கூடாது.

கடைசியில் அந்தத் தாழ்வை அகலம் 2 மீட்டருக்கு நடாமல் புல்லுக்கு விட்டு, வரிசைகளை அதன் இரண்டு கரையிலும் நிறுத்திவிட்டோம். சில நூறு கன்றுகளுக்கு இடம் போனது என்று அவருக்கு இன்னும் குறைதான்.

மாலையில் மூன்று கோடுகளை மட்டும் டியூப் வைத்துச் சோதித்தோம். இரண்டில் நடுமுளைக்கும் ஓர முளைக்கும் 3 சென்டிமீட்டருக்குள். மூன்றாவதில் 9. அந்தக் கோட்டின் கிழக்குப் பாதி முன்பு கிழங்கு தோண்டிய இடம், மண் பொலபொல என்று இருந்தது. சட்டத்தின் கால்களில் பலகைத் துண்டு அடித்து அந்தப் பாதியை மட்டும் மறுபடி நடத்தினோம், 2 சென்டிமீட்டருக்கு வந்தது.